மாவு எத்தனை கிலோ போனால் கட்டுப்படியாகும்? ஒரு இட்லி மாவுக் கடையின் கணக்கு

மதுரையில் சிறு கடைகளுக்கும் வீட்டுத் தொழில்களுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. அப்படி நான் கணக்கு பார்க்கும் ஒரு அக்கா இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறார். வாடகை வீட்டின் பின்கட்டில் இரண்டு டில்டிங் கிரைண்டர்களோடு தொடங்கியவர். ஒருநாள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "தம்பி, ஷெட்டு ஒண்ணு வாடகைக்கு வருது. பாக்கெட் போடுற மிஷின், பெரிய கிரைண்டர், ஃபிரிட்ஜ் பெட்டி எல்லாம் வாங்கலாம்னு இருக்கேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போட்டா கட்டுப்படியாகும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

பாடப்புத்தகத்தில் சமநிலைப் புள்ளி என்றும், படித்தவர்கள் பேச்சில் பிரேக் ஈவன் என்றும் வருவது அவர் கேட்ட "கட்டுப்படியாகும் அளவு"தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த 5 மாதங்களில் இரண்டு பேருமே பார்த்தோம். அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கூட்டிக் கழிக்க வசதியாக எண்களை முழு எண்களுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மாதத்துக்கு 30 நாள் என்றே கணக்கு.

பழைய வீட்டுக் கணக்கு

4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ முழு உளுந்து. வெந்தயம், உப்பு, தண்ணீர் சேர்ந்து அரைத்து முடித்தால் ஏறக்குறைய 12 கிலோ மாவு கிடைக்கும். அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 130, உப்பும் வெந்தயமும் 8 ரூபாய் என்று போட்டால் மொத்தம் 318 ரூபாய். 12-ஆல் வகுத்தால் ஒரு கிலோ மாவில் சரக்கு மட்டும் 26.50. கவர் 1.50, கரண்ட்டும் தண்ணீரும் 1 ரூபாய். அரைத்துக் கட்டித் தரும் அம்மாவுக்குக் கிலோவுக்கு 3 ரூபாய், கடை கடையாகப் போட்டுவிட்டு வரும் பையனுக்குக் கிலோவுக்கு 3 ரூபாய். ஆக 35 ரூபாய். கடைக்காரருக்கு 42-க்குக் கொடுக்கிறார், அவர் 50-க்கு விற்கிறார்.

இந்த 35 ரூபாயும் மாறும் செலவு. ஒரு கிலோ அரைத்தால் வரும், அரைக்காவிட்டால் வராது. 42-இல் 35 போக மிஞ்சும் 7 ரூபாயை லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கில் இதற்குப் பங்களிப்பு என்று பெயர். வாடகை போன்ற நிலையான செலவை அடைக்க ஒவ்வொரு பாக்கெட்டும் கொடுக்கும் மொய் மாதிரி இது. மொய் எல்லாம் சேர்ந்து கல்யாணச் செலவை அடைத்த பிறகு வருவதுதான் லாபம்.

அக்காவின் நோட்டில் நிலையான செலவு 7,000 ரூபாய் என்று இருந்தது. பின்கட்டு வாடகை 5,000, போன், உரிமம், கிரைண்டர் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 2,000. 7,000-ஐ 7-ஆல் வகுத்தால் மாதம் 1,000 கிலோ, அதாவது ஒரு நாளைக்கு 33 கிலோ போனாலே கட்டுப்படியாகிவிடும். அவர் நாளைக்கு 150 கிலோ போட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் கொழிக்க வேண்டாமா?

நோட்டில் விட்டுப்போனது அவருடைய சம்பளம். அதிகாலை 3 மணிக்கு எழுந்து அரிசி களைவதிலிருந்து இரவு கடைகளில் வசூல் பண்ணுவது வரை அவர்தான். இதே வேலையை வேறொருவரிடம் கொடுத்தால் 14,000 ரூபாய் கேட்பார்கள். அதைச் சேர்த்தால் நிலையான செலவு 21,000 ஆகிறது, கட்டுப்படியாகும் அளவு மாதம் 3,000 கிலோ ஆகிறது. நாளைக்கு 100 கிலோ. 33 எங்கே, 100 எங்கே? வீட்டுத் தொழில் கணக்குகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். சொந்த உழைப்பை இனாமாகப் போட்டால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும்.

சரி, 150 கிலோவில் உண்மை நிலை என்ன? மாதம் 4,500 கிலோ, கிலோவுக்கு 7 வீதம் பங்களிப்பு 31,500. அதில் 21,000 போக லாபம் 10,500. மோசமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்பனை 150-இலிருந்து 100-க்கு இறங்கும் வரை, அதாவது மூன்றில் ஒரு பங்கு சரியும் வரை, நட்டம் வராது. அந்த இடைவெளியைப் பாதுகாப்பு வரம்பு என்பார்கள். அக்காவுக்கு இந்தப் பெயர் தெரியாது. "ரெண்டு கடை விட்டுப்போனாலும் தூக்கம் கெடாது" என்று சொல்வார். அதுவேதான்.

ஷெட்டுக்குப் போனால்

புது ஏற்பாட்டில் கிலோக்கூலி கிடையாது. மிஷின் ஓட்ட மாதச் சம்பளத்துக்கு ஒருவர், வண்டி ஓட்டிப் போட்டுவிட்டு வர ஒருவர். கவர் ரோலாக வாங்குவதால் 1 ரூபாய்தான். கரண்ட் 1.50, பெட்ரோல் 1 ரூபாய். சரக்கு அதே 26.50. மாறும் செலவு 35-இலிருந்து 30-க்கு இறங்குகிறது, பங்களிப்பு 7-இலிருந்து 12 ஆகிறது. இந்த 12-ஐப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்து நிலையான செலவு. ஷெட் வாடகை 10,000. இரண்டு பேர் சம்பளம் 15,000-மும் 14,000-மும். 5 லட்ச ரூபாய்ச் சாமான் 7 வருடம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் மாதம் 6,000. நாலரை லட்ச ரூபாய்க் கடனுக்கு வட்டி ஏறக்குறைய 4,000. அக்காவின் சம்பளம் 14,000, இதர செலவு 3,000. கூட்டினால் 66,000. கட்டுப்படியாகும் அளவு 66,000-ஐ 12-ஆல் வகுத்தால் 5,500 கிலோ, நாளைக்கு 183 கிலோ. வட்டியை இதில் சேர்க்காமல் தனியாகப் பார்க்க வேண்டும் என்று பாடம் சொல்லும். அது சரிதான். ஆனால் கடன் வாங்கித் தொழில் செய்கிறவருக்கு வட்டியும் வாடகை போல மாதா மாதம் வந்து நிற்பதுதான், அதனால் நான் சேர்த்தே போட்டேன்.

183 என்று சொன்னதும் அக்கா, "இப்பவே 150 போகுது. அங்க போனா 250 ஈஸியாப் போகும். அப்புறம் என்ன?" என்றார். 250 போனால் நட்டமில்லை என்பது உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே 250-ஐப் பழைய இடத்திலேயே போட்டால் எவ்வளவு நிற்கும்?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்:

| நாளைக்கு விற்பது | பழைய இடத்தில் மாத லாபம் | புது ஷெட்டில் மாத லாபம் |
|---|---|---|
| 150 கிலோ | 10,500 | நட்டம் 12,000 |
| 200 கிலோ | 21,000 | 6,000 |
| 250 கிலோ | 31,500 | 24,000 |
| 300 கிலோ | 42,000 | 42,000 |
| 400 கிலோ | 63,000 | 78,000 |

300 கிலோவில்தான் இரண்டும் சமமாகின்றன. அதற்குக் கீழே பழைய இடம் மேல், அதற்கு மேலே புது ஷெட் மேல். நிலையான செலவில் 45,000 ரூபாய் வித்தியாசம், பங்களிப்பில் கிலோவுக்கு 5 ரூபாய் வித்தியாசம். 45,000-ஐ 5-ஆல் வகுத்தால் 9,000 கிலோ, நாளைக்கு 300. ஏற்பாட்டை மாற்றலாமா என்று யோசிப்பவர் 183-ஐ விட்டுவிட்டு இந்த 300-ஐப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த அட்டவணையிலும் ஒரு ஓட்டை உண்டு. பழைய பின்கட்டில் இரண்டு கிரைண்டரை வைத்து எவ்வளவு ஓட்டினாலும் 250 கிலோவைத் தாண்ட முடியாது. அதனால் பழைய இடத்துப் பத்தியில் 300, 400 கிலோ வரிசைகள் காகிதத்தில் மட்டும்தான் உண்டு. பழைய இடத்தின் உச்ச லாபம் 31,500. அதைப் புது ஷெட்டில் எடுக்க 271 கிலோ போதும். எனவே உண்மையான கோடு 300 இல்லை, 271. எந்தக் கணக்கையும் இடமும் கிரைண்டரும் தாங்கும் எல்லைக்குள்தான் நீட்ட வேண்டும். காகிதத்தில் கோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும்.

நெம்புகோல் என்பது எங்கே இருக்கிறது

ஆபரேட்டிங் லீவரேஜ் என்பதைத் தமிழில் இயக்க நெம்புதிறன் என்கிறார்கள். விற்பனை கொஞ்சம் அசைந்தால் லாபம் எத்தனை மடங்கு அசையும் என்பதுதான் அது. கணக்கு எளிது: மொத்தப் பங்களிப்பை லாபத்தால் வகுக்க வேண்டும்.

புது ஷெட்டில் 300 கிலோ போகும்போது பங்களிப்பு 1,08,000, லாபம் 42,000. வகுத்தால் 2.57. விற்பனை 10 சதவீதம் குறைந்தால் லாபம் சுமார் 26 சதவீதம் குறையும். பழைய ஏற்பாட்டில் அதே 300 கிலோவுக்கு இந்த மடங்கு 1.5 மட்டுமே. இதுவரை புத்தகத்தில் இருப்பதுதான். பலரும் விட்டுவிடுவது, இந்த மடங்கு ஒரு தொழிலுக்கு நிரந்தரமாக ஒட்டிய எண் இல்லை என்பது. அதே ஷெட்டில் 200 கிலோ போகும்போது பாருங்கள். பங்களிப்பு 72,000, லாபம் 6,000. மடங்கு 12. விற்பனை 10 சதவீதம் சரிந்து 180 கிலோ ஆனால் பங்களிப்பு 64,800. லாபம் போய் 1,200 ரூபாய் நட்டம்.

கட்டுப்படியாகும் அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு இந்த மடங்கு எகிறிக்கொண்டே போகும். தூரப் போகப் போகத் தணியும். புதிதாக இடம் மாற்றி விரிவாக்கும் ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதம் நிற்பது இந்தப் புள்ளிக்கு மிக அருகில்தான். கடைகள் மெல்ல மெல்லத்தான் சேரும், ஆனால் வாடகையும் சம்பளமும் முதல் நாளிலிருந்தே முழுதாக வரும். நெம்புகோலின் ஆபத்து மிக அதிகமாக இருப்பதும் இந்தக் காலத்தில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உளுந்து விலை கிலோவுக்கு 24 ரூபாய் ஏறுகிறது என்று வையுங்கள். 12 கிலோ மாவுக்கு 1 கிலோ உளுந்து என்பதால் ஒரு கிலோ மாவுக்கு 2 ரூபாய் கூடும். பழைய ஏற்பாட்டில் பங்களிப்பு 7-இலிருந்து 5 ஆகும், கட்டுப்படி அளவு 3,000-இலிருந்து 4,200 கிலோவுக்குத் தாவும். அது 40 சதவீத ஏற்றம். புது ஷெட்டில் 12 என்பது 10 ஆகும், 5,500 என்பது 6,600 ஆகும். 20 சதவீத ஏற்றம்தான். கிலோக்கூலி ஏற்பாடு விற்பனைச் சரிவைத் தாங்கும், ஆனால் உளுந்து விலையில் அடிபடும். மாதச் சம்பள ஏற்பாடு உளுந்து விலையைத் தாங்கும், ஆனால் விற்பனைச் சரிவில் அடிபடும். எது ஆபத்து குறைந்தது என்று கேட்டால், எந்த ஆபத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

மானியத்தைப் பற்றியும் அக்கா கேட்டார். சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.இ திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் இருந்தது. நல்ல உதவிதான். ஆனால் அது எந்த வரிசையைத் தொடுகிறது என்று பாருங்கள். 66,000-இல் தேய்மானமும் வட்டியும் சேர்ந்து 10,000 மட்டுமே. அதில் 35 சதவீதம் குறைந்தால் 3,500. கட்டுப்படி அளவு நாளைக்கு 10 கிலோ இறங்கும், அவ்வளவுதான். பாரம் இருப்பது வாடகையிலும் சம்பளத்திலும். சிறு தொழிலில் மிஷின் வாங்குவதைவிட, அந்த மிஷினைச் சுற்றி மாதா மாதம் வந்து சேரும் செலவுதான் நிலையான செலவின் உடம்பு.

271 வரும் என்று நம்பிக்கை இருந்தால் போங்கள் என்று சொன்னேன். அக்கா ஜனவரியில் மாறினார்.

மார்ச்சும் மே மாதமும்

மார்ச்சில் நாளைக்கு 260 கிலோ கடைகளுக்குப் போனது. காகிதத்தில் 260 கிலோவுக்கு 27,600 லாபம் வர வேண்டும். கணக்கை முடித்தபோது வந்தது 11,220. பழைய இடத்தில் 150 கிலோவுக்கு எடுத்த 10,500-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வேலையும் கடனும் கூடியதுதான் மிச்சம்.

எங்கே போனது? அரிசி, உளுந்து, சம்பளம் எல்லாம் நாங்கள் போட்டபடியே இருந்தன. ஒருநாள் சாயங்காலம் ஷெட்டுக்குப் போனபோதுதான் பதில் கிடைத்தது. வண்டி திரும்பி வந்து நின்றது. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் டிரேயில் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு, விரலால் அழுத்தினால் உள்ளே புசுபுசுவென்று குமிழ் ஓடியது. ஒன்றைக் கிழித்ததும் புளிப்பு வாடை கண்ணில் ஏறியது. கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தவை. அக்கா அவற்றைக் கணக்கில் எழுதியே இருக்கவில்லை. வண்டிப் பையன் டிரேயை இறக்குவான், அவர் சாக்கடை ஓரத்தில் கொட்டிக் கவரைக் கழுவிப் போடுவார். "வித்தது தானே கணக்கு, திரும்புனது என்ன கணக்கு" என்று நினைத்திருக்கிறார்.

திரும்பும் பாக்கெட்டில் 42 ரூபாய் வரவில்லை, ஆனால் 30 ரூபாய்ச் செலவு போய்விட்டது. மார்ச்சில் நடந்தது போல 100 பாக்கெட் போட்டு 5 திரும்பினால், விற்ற 95-தான் 100 பாக்கெட்டின் செலவையும் சுமக்க வேண்டும். 30-ஐ 0.95-ஆல் வகுத்தால் விற்ற ஒரு கிலோவின் மாறும் செலவு 31.58. பங்களிப்பு 12 இல்லை, 10.42. கட்டுப்படி அளவு 183-இலிருந்து 211 கிலோவாகிறது. அதுவும் விற்ற கிலோ, போட்ட கிலோ இல்லை.

பழைய இடத்தில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? அங்கே முந்தின நாள் இரவு கடைக்காரர் சொன்ன எண்ணிக்கைக்குத்தான் அரைத்தார்கள், கிலோக்கூலி என்பதால் அதிகம் அரைக்க யாருக்கும் அவசரமில்லை. ஷெட்டில் மிஷினும் ஆளும் சும்மா நிற்பது கண்ணுக்கு உறுத்தும். சம்பளம் கொடுத்தாகிவிட்டது, ஓட்டினால்தானே காசு என்று தோன்றும். உடனே கடைக்கு 10 பாக்கெட் போகும் இடத்தில் 12 வைத்துவிட்டு வரச் சொல்வோம். நிலையான செலவு கூடிய தொழில்களில் இந்தத் தள்ளுதல் தானாகவே வரும். அதிகம் உற்பத்தி செய்வதும் அதிகம் விற்பதும் ஒன்று என்று மனம் ஏற்றுக்கொள்ளும்.

மே மாதத்தில் வெயில் சேர்ந்துகொண்டது. காலையில் போட்ட மாவு மதியத்துக்குள் பொங்கிவிடும். பள்ளி விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டதால் தெருக்களில் வாங்குகிறவர்களும் குறைவு. 250 கிலோ போட்டதில் 10 சதவீதம் திரும்பியது. கணக்கு இப்படி நின்றது: விற்றது 6,750 கிலோ, வரவு 2,83,500. அரைத்தது 7,500 கிலோ, மாறும் செலவு 2,25,000. பங்களிப்பு 58,500. நிலையான செலவு 66,000. நட்டம் 7,500.

மார்ச்சில் விற்றது 7,410 கிலோ. மே மாதத்தில் 6,750. விற்பனை சரிந்தது 9 சதவீதம்தான். ஆனால் 11,220 லாபம் 7,500 நட்டமாகிவிட்டது. "அப்படி ஒண்ணும் கொறையலையே தம்பி, கடையெல்லாம் அப்படியேதானே இருக்கு" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை, எந்தக் கடையும் விலகவில்லை. 10 சதவீதம் திரும்பும்போது பங்களிப்பு 8.67 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது, கட்டுப்படி அளவு விற்ற கணக்கில் 254 கிலோவுக்கு ஏறிவிடுகிறது. அவர் நாளைக்கு விற்றது 225. நாம் நின்ற இடம் பெரிதாக நகரவில்லை, கட்டுப்படிக் கோடுதான் நம்மைத் தாண்டிப் போய்விட்டது.

கையிருப்பு இன்னும் மோசம். நட்டக் கணக்கில் இருக்கும் 6,000 தேய்மானம் கையை விட்டுப் போகாத செலவு. ஆனால் கடனின் அசல் தவணை 7,500, அது லாப நட்டக் கணக்கில் வராது, கையிலிருந்து போய்விடும். இரண்டையும் ஈடுகட்டினால் அக்காவின் 14,000 சம்பளத்தில் அந்த மாதம் அவருக்கு மிஞ்சியது 5,000 ரூபாய்.

என்ன மாற்றினோம்

முதலில் போடும் அளவைக் குறைத்தோம். மே மாத நட்டத்தைப் பார்த்தவர் அளவைக் கூட்டத்தான் நினைப்பார், அக்காவும் அதைத்தான் சொன்னார். நாங்கள் மாற்றிச் செய்தோம். பழையபடி இரவு 8 மணிக்குக் கடைகளுக்குப் போன் போட்டு எண்ணிக்கை வாங்குவது, அதற்கு மேல் வைப்பதில்லை. வெயிலுக்கு நடுவில் இருக்கும் கடைகளுக்கு ஒரே நடைக்குப் பதில் காலையும் மாலையுமாக இரண்டு நடை. ஜூனில் பள்ளி திறந்து வழக்கமான வீடுகள் திரும்பியபோது போட்டது 240 கிலோ, திரும்பியது 3 சதவீதம். அந்தக் கணக்கில் மாத லாபம் 11,328. மார்ச்சில் 260 போட்டு எடுத்ததைவிட 100 ரூபாய் கூடுதல், நாளைக்கு 20 கிலோ குறைவாக அரைத்து.

அடுத்தது வண்டி ஓட்டுபவரின் சம்பளம். மாதம் 14,000 என்று இருந்ததை, அவரோடு உட்கார்ந்து பேசி, 6,000 நிலையாகவும் விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் 1 ரூபாயாகவும் மாற்றினோம். 8,000 கிலோ போனால் அவருக்குப் பழைய சம்பளம் முழுதாக வரும், அதற்கு மேல் போனால் கூடும். இப்போதைய விற்பனையில் அவருக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தது. அதற்கு ஈடாக மதியத்துக்கு மேல் வண்டியை அவர் சொந்த வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டோம், இல்லாவிட்டால் அது நியாயமாக இருந்திருக்காது. நிலையான செலவு 58,000-க்கு இறங்கியது. அதைவிட முக்கியம், காசு போட்ட கிலோவுக்கு இல்லை, விற்ற கிலோவுக்கு. எந்தக் கடையில் ஃபிரிட்ஜை இரவில் அணைத்துவிடுகிறார்கள் என்று இரண்டே வாரத்தில் அவர் பட்டியல் கொடுத்துவிட்டார். அது எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம்.

மூன்றாவதில்தான் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. பக்கத்து ஹோட்டல் ஒன்று தினம் 50 கிலோ மாவு, கவர் இல்லாமல், தங்கள் பாத்திரத்திலேயே வந்து எடுத்துக்கொள்கிறோம், கிலோ 35 என்று கேட்டது. "அடக்கமே 40 ரூபா ஆகுதுன்னு நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க. 35-க்குக் கொடுத்தா கிலோவுக்கு 5 ரூபா நட்டம்" என்றார். நான் போட்டுக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த 40-இல் 8 ரூபாய்க்கு மேல் வாடகையின், சம்பளத்தின் பங்கு. ஹோட்டலுக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது வரும். ஹோட்டல் மாவுக்குக் கவர் இல்லை, பெட்ரோல் இல்லை, திரும்புவதும் இல்லை. மாறும் செலவு 28 ரூபாய். மிஞ்சும் 7 ரூபாய் முழுக்க மொய். மாதம் 1,500 கிலோவுக்கு 10,500.

இந்தக் கணக்கு செல்லுபடியாக மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். மிஷின் சும்மா நிற்கும் நேரத்தில் அரைக்க வேண்டும், 450 கிலோ அரைக்கக்கூடிய இடத்தில் 240 ஓடும்போது அது பிரச்சினையில்லை. ஹோட்டல் விலை மளிகைக் கடைகளின் காதுக்குப் போய் அவர்களும் 35 கேட்கக் கூடாது. கேட்டால் பங்களிப்பு 3 ரூபாய்க்கு விழுந்து எல்லாம் முடிந்துவிடும். கவர், பிராண்ட் பெயர், கொண்டுபோய்க் கொடுப்பது எதுவும் இல்லாததால்தான் அந்த விலை என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். மூன்றாவது, காசு வாரா வாரம் வர வேண்டும். மாதக் கடனில் கொடுத்தால் அரிசிக்கடைக்கு நாம் வட்டி கட்ட வேண்டிவரும், 7 ரூபாயில் ஒரு பகுதி அதிலேயே போகும். நாலு ஹோட்டல் கேட்டாலும் இப்படி 35-க்கே கொடுத்துவிட முடியாது. ஷெட் முழுதும் 7 ரூபாய்ப் பங்களிப்பிலேயே ஓடினால் 58,000-ஐ அடைக்க நாளைக்கு 276 கிலோ வேண்டும். சும்மா கிடக்கும் நேரத்தை நிரப்பத்தான் அந்த விலை.

கணக்கை மாதக் கடைசியில் என்னிடம் கொண்டுவந்து பார்ப்பதையும் நிறுத்தினோம். மே மாத நட்டம் எங்களுக்குத் தெரிந்தது ஜூன் 4-ஆம் தேதி. அதற்குள் இரண்டு வாரம் திருத்தியிருக்கலாம். இப்போது ஷெட் சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை இருக்கிறது. தினமும் மூன்று எண்: போட்டது, திரும்பியது, ஹோட்டலுக்குப் போனது. பக்கத்தில் அன்றைய பங்களிப்பு, அதற்குக் கீழே 1-ஆம் தேதியிலிருந்து கூட்டிய மொத்தம். அந்த மொத்தம் 58,000-ஐத் தாண்டும் தேதியை அக்கா வட்டம் போட்டு வைக்கிறார். அன்றிலிருந்து மாதம் முடியும் வரை வரும் பங்களிப்பெல்லாம் லாபம்.

பழைய செலவுக் கணக்கை இதே முறையில் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் மார்ச்சில் அந்த வட்டம் 26-ஆம் தேதி விழுந்திருக்கும். மே மாதத்தில் விழுந்தே இருக்காது. ஹோட்டல் ஆர்டர் இல்லாமல், வண்டி ஓட்டுபவரின் புதுச் சம்பள ஏற்பாட்டை மட்டும் வைத்துப் போட்டால் ஜூன் விற்பனைக்கு 25. ஹோட்டலும் சேர்ந்த ஜூலையில் 22-ஆம் தேதி மாலை வண்டி திரும்பி வந்து, டிரேயில் 5 பாக்கெட் மட்டும் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, அக்கா சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டாராம். போனில் சொன்னார்.